ஃபோல்டர் என்னுடையது, இடம் குறைவது தம்பிக்கா?

“நான் சென்னையில் இருக்கிறேன். கூகுளில் மாதாமாதம் காசு கட்டி 100 ஜிபி வாங்கியிருக்கிறேன். வீட்டுப் பழைய வீடியோ கேசட்டுகளைச் சேர்த்துவைக்க டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு எடிட்டர் அனுமதி கொடுத்தேன். அவன் நாலாவது வீடியோ ஏற்றும்போது அவனுக்கு ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருகிறது. என்னிடம் முக்கால்வாசி இடம் சும்மா கிடக்கிறது. ஷேர் பண்ணினால் யார் கணக்கில் கழிப்பார்கள்? கொடுத்தவருக்கா, வாங்கியவருக்கா?”

உங்கள் தம்பியின் கணக்கில்தான் கழியும். கூகுள் டிரைவில் ஒரு ஃபைலை ஏற்றியவர் யாரோ அவர்தான் அதன் ஓனர், அந்த ஃபைலுக்கான இடமும் அவருடைய கணக்கில்தான் போகும். ஃபோல்டர் யாருடையது என்பதை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அடுத்தவர் உங்களுக்கு எத்தனை ஜிபி ஷேர் செய்தாலும் உங்கள் இடத்தில் ஒரு எம்பி கூடக் குறையாது. `Shared with me` பட்டியலில் ஆயிரம் ஃபைல் தெரியலாம், அத்தனையும் உங்களைப் பொறுத்தவரை பூஜ்யம்.

குழப்பத்துக்குக் காரணம் ஃபோல்டர் என்ற சொல். வீட்டு அலமாரி என்னுடையது, அதற்குள் எதை வைத்தாலும் என் வீட்டு இடம்தானே என்று நினைக்கிறோம். டிரைவின் ஃபோல்டர் அலமாரி மாதிரி இல்லை, கல்யாணப் பந்தி மாதிரி. இலை வரிசையாகப் போட்டிருக்கும், எல்லோரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எந்த இலை யாருடையது என்பது தனித்தனியாகத்தான் இருக்கும். ஃபோல்டர் என்பது ஃபைல்களை ஒரே இடத்தில் காட்டும் வரிசை, அவ்வளவுதான்.

இதை நீங்களே ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து, தம்பி ஏற்றிய வீடியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் வரும் `Details` பகுதியைப் பாருங்கள். `Size` என்ற இடத்தில் உண்மையான அளவு இருக்கும். அதற்குக் கீழே `Storage used` என்று இன்னொரு வரி இருக்கும். உங்கள் கணக்கில் பார்க்கும்போது அங்கே 0 bytes என்றும், பக்கத்திலேயே `Owned by someone else` என்றும் காட்டும். அதே ஃபைலைத் தம்பி தன் கணக்கில் திறந்தால் அந்த வரியில் முழு அளவும் இருக்கும். டிரைவ் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு வரிகளைத்தான். அளவு வேறு, கணக்கில் கழிவது வேறு என்பது அங்கேயே புரிந்துவிடும்.

சரி, உங்கள் கணக்கை ஒரு உதாரணமாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் ஊகம், உங்களுடையதை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். தம்பிக்கு இலவசமாகக் கிடைத்தது 15 ஜிபி. இந்த 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்லை, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஜிமெயிலில் 3 ஜிபி, போட்டோஸில் 6.5 ஜிபி ஏற்கெனவே போயிருக்கிறது என்று வையுங்கள். மீதி 5.5 ஜிபி. ஒரு கேசட்டை மாற்றினால் வரும் வீடியோ 1.6 ஜிபி என்றால், மூன்று வீடியோ ஏற்றினதும் 4.8 ஜிபி போய்விடும். மிச்சம் 0.7 ஜிபி. நாலாவது வீடியோ அங்கே நுழையாது. உங்கள் பக்கம் 100-இல் 22 ஜிபிதான் செலவு, 78 ஜிபி காலி. அந்த 78-க்கும் தம்பி ஏற்றும் வீடியோவுக்கும் எந்த இணைப்பும் இல்லை.

இதில் இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. இடம் தீர்ந்தால் டிரைவ் மட்டும் நிற்காது. அவருடைய ஜிமெயிலுக்கு வரும் மெயிலும் நின்றுவிடும். குடும்ப வீடியோவை ஏற்றிக்கொடுத்த புண்ணியத்துக்கு, பேங்க் மெயில் வராமல் தம்பி தவிக்கக்கூடும். ஓனரின் இடம் வரம்பைத் தாண்டியபின் அந்தக் கணக்கில் உள்ள ஃபைல்களை அவரும் எடிட் செய்ய முடியாது, அவர் ஷேர் செய்த மற்றவர்களும் முடியாது. அதனால் இலவசமாகப் பார்க்கிறவருக்கும் ஓனரின் இடம் தீர்வது ஒரு பிரச்சினைதான்.

எடிட் செய்வதற்கும் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் இருக்கும் ஒரு கூகுள் டாக்கைத் தம்பி திறந்து ஐம்பது படம் ஒட்டினால், அது உங்கள் கணக்கில்தான் கூடும். ஃபைல் ஏற்கெனவே உங்களுடையது, உள்ளே யார் எழுதினாலும் கணக்கு மாறாது. முன்பு டாக்ஸ், ஷீட்ஸ் எல்லாம் இடக்கணக்கில் வராது. 2021 ஜூன் 1-க்குப் பிறகு உருவாக்கியதும் எடிட் செய்ததும் வருகிறது. புதிய ஃபைல் பிறக்கும்போதுதான் ஓனர் யார் என்ற கேள்வியே வரும், பிறக்க வைத்தவரே ஓனர்.

அதனால்தான் `Make a copy` போட்டால் கணக்கு மாறுகிறது. தம்பியின் வீடியோவை நீங்கள் காப்பி எடுத்தால், அந்தக் காப்பி உங்கள் பெயரில் பிறக்கிறது, 1.6 ஜிபி உங்கள் கணக்கில் ஏறும். தம்பியின் அசலும் அப்படியே இருக்கும், அவர் கணக்கில் கழிந்தது திரும்பாது. `Add shortcut` போட்டால் இப்படி ஆகாது. ஷார்ட்கட் என்பது வழிகாட்டிப் பலகைதான், இடம் பிடிக்காது. நிறையப் பேர் “எனக்கு ஷேர் ஆனதை என் டிரைவில் சேர்த்துவைத்தேன், இடம் குறையுமா” என்று பயப்படுகிறார்கள். ஷார்ட்கட் என்றால் குறையாது, காப்பி என்றால் குறையும்.

மெயில் இணைப்பு இதற்கு நேர் எதிர், அதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். 20 எம்பி போட்டோக்களை இணைத்து நாலு பேருக்கு ஜிமெயில் அனுப்பினால், அனுப்பியவரின் `Sent` பெட்டியில் ஒரு பிரதி, நாலு பேர் இன்பாக்ஸில் ஆளுக்கொரு பிரதி. ஐந்து பேர் கணக்கிலும் தலா 20 எம்பி போகும். வாங்கியவர் கேட்கவே இல்லை, ஆனாலும் அவருக்கும் செலவு. அதே போட்டோக்களை டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினால் அனுப்பியவருக்கு மட்டும்தான் செலவு.

இப்போது உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். முதலில் எல்லோரும் சொல்லும் யோசனை, கூகுளின் கட்டணச் சேவையான கூகுள் ஒன்னில் உள்ள ஃபேமிலி ஷேரிங். நீங்கள் வாங்கிய இடத்தை இன்னும் ஐந்து பேரோடு பகிரலாம். ஒவ்வொருவரும் முதலில் தன் 15 ஜிபியைத் தீர்ப்பார்கள், அதற்கு மேல் போவது உங்கள் பொது இடத்திலிருந்து போகும். இடம்தான் பொது, ஃபைல்கள் பொது இல்லை. ஒருவர் ஃபைலை இன்னொருவர் பார்க்க முடியாது. ஆனால் குடும்பக் குழுவில் சேருபவர் குழுவை நடத்துபவரின் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. தம்பி சிங்கப்பூரில் என்றீர்கள், அதனால் உங்களுக்கு இது ஒத்துவராது. மதுரையில் இருக்கும் தங்கையைச் சேர்க்கலாம். ஒருவர் ஒரு குழுவில்தான் இருக்க முடியும், குழு மாறுவதும் 12 மாதத்துக்கு ஒருமுறைதான். மச்சான் வீட்டுக் குழுவில் ஏற்கெனவே இருப்பவரைக் கேட்காமல் இழுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, ஓனர் பெயரை மாற்றுவது. உங்கள் நிலைமைக்கு இதுதான் சரியான வழி. கம்ப்யூட்டரில் தம்பி அந்த ஃபைலின் `Share` பெட்டியைத் திறந்து, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் உள்ள `Editor` என்ற கீழ்விரியும் பட்டியலில் `Transfer ownership` என்பதை அழுத்த வேண்டும். அழுத்தியதும் உடனே மாறிவிடாது. உங்களுக்கு ஒரு அழைப்பு மெயில் வரும், நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் ஓனர் மாறும். மெயில் தொலைந்துபோனால் டிரைவின் தேடல் பெட்டியில் இதைப் போடுங்கள், உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருப்பவை எல்லாம் வரும்:

```
pendingowner:me
```

ஏற்றுக்கொண்டதும் 4.8 ஜிபி உங்கள் பக்கம் நகர்கிறது. தம்பி 14.3-லிருந்து 9.5-க்கு இறங்குவார், நீங்கள் 22-லிருந்து 26.8-க்கு ஏறுவீர்கள். ஃபைல் இருந்த இடம், லிங்க் எதுவும் மாறாது. தம்பி எடிட்டராகத் தொடருவார். அப்புறம் அவர் அடுத்த மூன்று கேசட்டை ஏற்றலாம். மொத்தம் இருபது கேசட் என்றால் ஏழு சுற்று. அலுப்புதான், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற அலுப்பு.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ஃபோல்டரின் ஓனரை மாற்றினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் ஓனர் மாறாது. “ஃபோல்டரையே மாற்றிக்கொடுத்துவிட்டேன், இன்னும் எனக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை” என்று புலம்புபவர்கள் எல்லோரும் இதில் விழுந்தவர்கள்தான். பந்திக் கூடத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு இலைகளை எடுக்க மறந்த கதை. ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும்.

எதற்கு இந்த அழைப்பு, ஒப்புதல் எல்லாம்? நேரடியாக மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். அதற்குப் பின்னால் பழைய காரணம் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த காரணம். யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தில் பல பேர் ஒரே கம்ப்யூட்டரில் வேலை செய்வார்கள், ஆளுக்கு இவ்வளவு டிஸ்க் என்று வரம்பு இருக்கும், ஃபைல் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில் கழியும். டிரைவின் விதி இதன் பேரப்பிள்ளைதான். ஓனரை மாற்ற `chown` என்ற கட்டளை உண்டு. அதைச் சாதாரண பயனருக்குத் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? நான் என் பெரிய ஃபைலை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, என் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து நிம்மதியாகப் பயன்படுத்துவேன். உங்கள் இடம் மாயமாகக் குறையும், ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. யூனிக்ஸின் பெர்க்லி கிளை அதனால்தான் அந்த உரிமையை ரூட் எனப்படும் நிர்வாகிக்கு மட்டும் என்று வைத்தது. சிஸ்டம் ஃபைவ் என்ற இன்னொரு கிளையின் வழிவந்த யூனிக்ஸ்களில் கொடுக்க விட்டார்கள், இந்தத் திருட்டும் அங்கே நடந்தது. இன்றைக்கும் லினக்ஸில் முயன்று பாருங்கள்:

```
$ chown thambi cassette4.mp4
chown: changing ownership of 'cassette4.mp4': Operation not permitted
```

உங்கள் சொந்த ஃபைலைத்தான் கொடுக்கிறீர்கள், யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாதது போலத் தெரியும், இருந்தும் மறுக்கிறது. கொடுப்பது தானம் மாதிரித் தெரிந்தாலும், வாங்குபவருக்கு அது வாடகை. டிரைவ் கேட்கும் ஒப்புதலின் பொருளும் இதுதான்: இந்த ஃபைலுக்கான இடத்தை இனி நான் சுமக்கிறேன் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

யூனிக்ஸ் காலத்துச் சிக்கல் இன்னொன்றும் அப்படியே டிரைவுக்கு வந்திருக்கிறது. அங்கே உங்கள் ஃபைலுக்கு வேறொருவர் ஹார்டு லிங்க், அதாவது அதே ஃபைலைக் காட்டும் இன்னொரு பெயர், வைத்திருந்தால், உங்கள் பக்கம் அழித்த பிறகும் ஃபைல் டிஸ்க்கில் இருக்கும், கணக்கில் கழிவதும் உங்களுக்குத்தான். எங்கே என்று தெரியாமல் தேடுவீர்கள். டிரைவில் இதற்கு இணையானது இப்படி: தம்பி ஏற்றிய வீடியோ ஒன்று மங்கலாக இருக்கிறது என்று ஃபோல்டர் ஓனரான நீங்கள் அதை ஃபோல்டரிலிருந்து நீக்குகிறீர்கள். உங்கள் கண்ணிலிருந்து போய்விட்டது. ஆனால் அது தம்பியின் ஃபைல், உங்களால் அழிக்க முடியாது, ஃபோல்டரிலிருந்து எடுக்க மட்டும்தான் முடியும். அது அவர் கணக்கிலேயே 1.6 ஜிபியாக உட்கார்ந்திருக்கும். எந்த ஃபோல்டரிலும் இல்லாததால் அவர் சும்மா உலாவினால் கண்ணில் படாது. அவர் தேட வேண்டியது இது:

```
is:unorganized owner:me
```

“எதுவுமே இல்லை, ஆனால் ஸ்டோரேஜ் ஃபுல்” என்று வருபவர்களிடம் நான் இந்த வரியைப் போடச் சொல்வேன். ஃபோல்டரை மொத்தமாக அழித்த வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படி அநாதையான ஃபைல்கள் கொத்தாக வரும். அப்புறம் `drive.google.com/drive/quota` என்ற பக்கம். அதில் உங்கள் கணக்கில் கழிபவை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வரும். மற்றவர் ஷேர் செய்தவை அதில் இருக்காது. எதை அழித்தால் இடம் கிடைக்கும் என்று தேட அந்தப் பக்கம்தான் சரி, ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்த் தேடாதீர்கள். குப்பைத்தொட்டியில் இருப்பதும் கணக்கில் உண்டு. 30 நாளில் தானாகப் போகும், அவசரம் என்றால் நீங்களே காலி செய்ய வேண்டும்.

காசு யார் கொடுக்கிறார் என்பதோடு அதிகாரமும் சேர்ந்தே வருகிறது. தம்பி ஓனராக இருக்கும்வரை, அவர் அந்த வீடியோவை நிரந்தரமாக அழித்தால் உங்கள் ஃபோல்டரிலிருந்தும் போய்விடும். அவர் கணக்கையே மூடினாலும் போய்விடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இதை நேரில் பார்த்தேன். ஒரு ஒப்பந்தப் பணியாளர் இரண்டு வருடம் பொது ஃபோல்டரில் வரைபடங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஃபோல்டர் மேலாளர் பெயரில் இருந்தது, எல்லோரும் “எல்லாம் நம் டிரைவில் இருக்கிறது” என்று நிம்மதியாக இருந்தோம். அவர் ஏற்றியது தன் சொந்த ஜிமெயிலிலிருந்து. வேலை முடிந்து போனபின், தன் இடம் நிறைந்துவிட்டது என்று பெரிய ஃபைல்களை எல்லாம் அழித்தார். அவருடைய ஃபைல், அவருடைய இடம், சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. எங்களுக்கு ஃபோல்டர் இருந்தது, உள்ளே பாதி காணோம். நல்லவேளை, பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது கொஞ்சம் காப்பாற்றியது. அவர் இரண்டு வருடமாக எங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

இந்த மாதிரி இடங்களுக்குத்தான் நிறுவனக் கணக்குகளில் ஷேர்டு டிரைவ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்றினால் ஓனர் தனி ஆள் இல்லை, நிறுவனம். வெளியாள் ஏற்றினாலும் நிறுவனத்தின் பொது இடத்தில்தான் கழியும், அவர் போன பிறகும் ஃபைல் நிற்கும். சாதாரண ஜிமெயிலில் அதை உருவாக்க முடியாது, அதனால் உங்களுக்கு உதவாது. ஆனால் கல்லூரிக் கணக்கிலோ அலுவலகக் கணக்கிலோ இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கிருந்து சொந்த ஜிமெயிலுக்கு `Transfer ownership` வேலை செய்யாது. நிறுவனத்துக்கு வெளியே ஓனரை மாற்ற விடமாட்டார்கள். படிப்பு முடிந்து கணக்கு மூடுவதற்கு முன் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அந்தக் காப்பி உங்கள் சொந்த 15 ஜிபியில் கழியும்.

எல்லாச் சேவைகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் “ஒன்டிரைவில் அப்படி வரவில்லையே” என்று யாராவது கேட்பார்கள். வராதுதான். மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் ஃபோல்டர் ஓனர் கணக்கில் கழிகிறது. நீங்கள் நினைத்த அலமாரிக் கணக்கு அங்கே உண்மை. தம்பி உங்கள் ஒன்டிரைவ் ஃபோல்டரில் வீடியோ போட்டால் உங்கள் இடம் குறையும், அவருக்கு ஒன்றும் இல்லை. உங்களிடம் மைக்ரோசாஃப்ட் 365 பர்சனலோ ஃபேமிலியோ இருந்தால் அதோடு வரும் 1 டிபியை இதற்குப் பயன்படுத்தலாம், ஓனர் மாற்றும் ஏழு சுற்றும் மிச்சம். ஆனால் அங்கே எடிட் அனுமதி கொடுப்பது கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை மாதிரி. லிங்க் வைத்திருக்கும் யாரும் எடிட் செய்யலாம் என்று வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால், யார் யாரோ போடும் வீடியோவுக்கெல்லாம் நீங்கள் இடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

டிராப்பாக்ஸ் மூன்றாவது வகை, எனக்கு ஒப்புக்கொள்ளவே சங்கடமான வகை. ஷேர்டு ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழு அளவும் கழியும். 10 ஜிபி ஃபோல்டரில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேருக்கும் தலா 10 ஜிபி போகும். உள்ளே சர்வரில் எப்படி வைத்திருந்தாலும் கணக்கு இப்படித்தான். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டிராப்பாக்ஸ் பிறந்ததே உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு ஃபோல்டரை அப்படியே எல்லா இடத்திலும் வைத்திருப்பதற்காக. ஷேர்டு ஃபோல்டரில் சேர்ந்தால் அந்த ஃபைல்கள் உங்கள் டிராப்பாக்ஸுக்குள்ளேயே உட்காருகின்றன, அதனால் உங்கள் இடம் என்கிறார்கள். இலவசக் கணக்கில் 2 ஜிபிதான். நீங்கள் 3 ஜிபி ஃபோல்டர் ஒன்றை ஷேர் செய்தால், இலவசக் கணக்கில் இருக்கும் தம்பியால் அதில் சேரவே முடியாது. பார்க்க மட்டும்தான் வேண்டும் என்றால் லிங்க் அனுப்புங்கள், லிங்கைத் திறந்து பார்ப்பதற்கு இடம் கழியாது. தன் டிராப்பாக்ஸில் சேமித்தால் கழியும். ஒரே நிறுவனத்தின் டீம் கணக்கில் இருப்பவர்களுக்குள் மட்டும் ஒருமுறைதான் எண்ணுவார்கள்.

ஐகிளவுட் டிரைவ் ஒன்டிரைவ் மாதிரி, பகிர்ந்த ஃபோல்டரின் இடம் ஓனர் கணக்கில்.

கொடுத்தவர் ஏற்றட்டும், வாங்குபவர் இடம் தரட்டும் என்றால் டிரைவிலேயே ஒரு பக்கவழி உண்டு: கூகுள் ஃபார்ம். அதில் `File upload` என்ற கேள்வி வகை இருக்கிறது. அதன் வழியாக வருபவை ஃபார்ம் உருவாக்கியவரின் டிரைவில் போய் விழும், கழிவதும் அவர் இடத்தில். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் போட்டோ வாங்க நான் இதைத்தான் சொல்வேன், இல்லாவிட்டால் விருந்தாளிகள் எல்லோரும் உங்கள் ஃபோல்டருக்காகத் தங்கள் இடத்தைச் செலவழிப்பார்கள். அனுப்புபவர் கூகுள் கணக்கில் உள்நுழைய வேண்டும், ஃபைல் அளவுக்கும் மொத்த அளவுக்கும் வரம்பை நீங்கள் செட்டிங்ஸில் கூட்டிவைக்க வேண்டும். மொத்த அளவு தொடக்கத்தில் 1 ஜிபிதான், உங்கள் முதல் கேசட்டே அதைத் தாண்டிவிடும்.

உங்கள் விஷயத்தில் ஒரு வரிசை சொல்கிறேன். இன்று தம்பி புதிதாக எதுவும் ஏற்ற வேண்டாம், முதல் மூன்று வீடியோவின் ஓனர் பெயரை உங்களுக்கு மாற்றட்டும். நீங்கள் ஏற்றுக்கொண்டபின் ஒரு வீடியோவின் `Details`-ஐத் திறந்து `Storage used` வரியைப் பாருங்கள். 0 போய் 1.6 ஜிபி வந்திருந்தால் மாறிவிட்டது. தம்பியின் பக்கம் இடம் இறங்கிக் காட்டக் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம், உடனே அழுத்தி அழுத்திப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அதன் பிறகுதான் நாலாவது கேசட். ஓனர் மாற்றம் ஏதோ காரணத்தால் நடக்கவில்லை என்றால், நீங்கள் `Make a copy` எடுத்து, காப்பி முழுதாக ஓடுகிறதா என்று கடைசி நிமிடம் வரை தள்ளிப் பார்த்து, பிறகு தம்பியை அசலை அழிக்கச் சொல்லுங்கள். அழித்தபின் அவருடைய குப்பைத்தொட்டியையும் அவரே காலி செய்ய வேண்டும், உங்கள் தொட்டியைக் காலி செய்தால் அவருக்கு ஒரு எம்பியும் திரும்பாது.